புதுப்பிப்பு: தைரொயிட் குளிசைத் துண்டுப்பிரசுரம், மாற்றிய வரிகள்

"விடிய எழும்பினதும் தேத்தண்ணி, பிறகு பெரட்டு. இதுல வெறும் வயித்துல எப்பதான் குளிசை போடுறது?" என்று தோட்டத்தில் ஒருவர் கேட்டார்.

முதல் வரைவில் ‘காலைச் சாப்பாட்டுக்கு முன்’ என்று எழுதியிருந்தேன். அந்த வரியை எடுத்துவிட்டேன். தேத்தண்ணியை இங்கே யாரும் சாப்பாடாகக் கணக்கெடுப்பதில்லை. குளிசை அதோடேயே உள்ளே போய்விடுகிறது. மருந்தாளர் அக்கா திருத்தித் தந்தது இது:

"எழும்பியதும் வெறும் தண்ணீரில் குளிசையை விழுங்குங்கள். பிறகு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை தேத்தண்ணி, ரொட்டி எதுவும் வேண்டாம்."

4.30க்குப் போட்டு, அடுப்பு மூட்டி ரொட்டி சுட்டால், 5.15க்குத் தேத்தண்ணி குடிக்கலாம்.

"பால் மட்டும்தான் கூடாது, பிளேன்டீ பரவாயில்லை" என்றார் ஒரு தம்பி. பாதி சரி. பாலின் கல்சியம் மருந்தைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் சாயமும் மருந்து உடம்பில் சேர்வதைக் குறைக்கலாம்.

தன் கேஸ்ட்ரிக் குளிசை பற்றிக் கேட்ட அக்கா, அதைக் கிளினிக்கில் கட்டாயம் சொல்லுங்கள்; தைரொயிட் மருந்தின் அளவை மாற்ற வேண்டிவரலாம். வரைவில் விடுபட்டிருந்த பெரிய விஷயம் இரும்புச்சத்து, கல்சியம் குளிசைகள். தைரொயிட் குளிசைக்கும் இவற்றுக்கும் இடையே 4 மணி நேர இடைவெளி வேண்டும். கர்ப்பிணிகள் இவற்றையும் தைரொயிட் குளிசையையும் ஒரே கையில் விழுங்குவதால்தான், ஒழுங்காகக் குளிசை போட்டும் இரத்தப் பரிசோதனையில் டிஎஸ்எச் அளவு இறங்காமல் நிற்பதுண்டு.

படுக்கும்போது போடலாமா என்பது இன்னும் முடிவாகவில்லை. கடைசிச் சாப்பாட்டுக்குப் பிறகு 3 மணி நேரமாவது போக வேண்டும். லயத்தில் எட்டரைக்குச் சாப்பிட்டு ஒன்பதுக்குப் படுப்பவருக்கு அது எப்படிச் சரிவரும்?