விமர்சனத்தில் கதையை எதுவரை சொல்லலாம்? உங்கள் அனுபவங்கள்

மொட்டைமாடி வாசகி
நாவல் பெயர் வேண்டாம். வாங்கும் முன் அதன் விமர்சனம் ஒன்றைப் படித்தேன். கதைச்சுருக்கம் நாலே வரி, முடிவையும் சொல்லவில்லை. ஆனால் கடைசிப் பத்தியில் "அண்ணனின் கடிதம் கண்கலங்க வைக்கிறது" என்று ஒரு வரி. நாவலில் அந்த அண்ணனை ஐம்பதாம் பக்கத்திலேயே ஆறு அடித்துக்கொண்டு போய்விடுகிறது, உடல் கிடைக்காமலே காரியம் நடக்கிறது, அம்மா மட்டும் ராத்திரி அவனுக்கும் சேர்த்துத் தட்டு வைக்கிறாள். அந்த இடத்தில் எனக்கு நெஞ்சு அடைத்திருக்க வேண்டும். எனக்கோ அவன் உயிரோடு இருப்பது தெரியும். கடிதம் எப்போது வரும் என்றே பக்கம் புரட்டிக்கொண்டிருந்தேன். இன்னும் ஆறவில்லை.

பழைய பைண்டிங்
நல்ல நாவலை எந்த ஸ்பாய்லரும் கெடுக்காது. திரௌபதிக்கு என்ன ஆகும் என்று தெரிந்துதானே விடிய விடியக் கூத்துப் பார்க்கிறோம்? முடிவைத் தொடாமல் எழுதினால் அது விளம்பரம், விமர்சனம் இல்லை. பழைய நாவல்களுக்கு இந்தப் பயமே தேவையில்லை.

அடிக்கோடு
பாதி சரி. கூத்தில் கதை எல்லோருக்கும் தெரியும் என்பதை வைத்துத்தான் கூத்தே கட்டப்படுகிறது. மேலே சொன்ன நாவலோ வாசகருக்குத் தெரியாது என்பதை வைத்துக் கட்டியது. பழசு புதுசு கணக்கில்லை, ஆசிரியர் எதை ஒளித்து வைத்திருக்கிறார் என்பதுதான் கணக்கு. பொன்னியின் செல்வன் 1950களில் தொடராக வந்தது. ஆதித்த கரிகாலன் கொல்லப்பட்டது உடையார்குடிக் கல்வெட்டிலேயே இருக்கிறது, ராஜராஜனுக்கு முன் உத்தம சோழன் ஆண்டதும் வரலாறு. இதையெல்லாம் தாராளமாக எழுதலாம். ஆனால் கல்கி அந்த உத்தம சோழனை எங்கிருந்து கொண்டுவருகிறார் என்பது அவருடைய கற்பனை. அதை இன்று முதன்முறை படிக்கிறவரிடம் சொல்லக்கூடாது, நானும் இங்கே சொல்லவில்லை.

கேட்காவிட்டாலும் ஒன்று சொல்கிறேன். நான் முதலில் கதைச்சுருக்கம் எழுதுவதில்லை. புத்தகத்தைப் பற்றிய என் கருத்தை ஒரே வாக்கியத்தில் எழுதிவைத்துக்கொள்வேன். அப்புறம் அந்த வாக்கியம் நிற்க எவ்வளவு கதை வேண்டுமோ அவ்வளவுதான் எடுப்பேன், அதையும் முதல் கால்பங்கிலிருந்தே எடுக்கப் பார்ப்பேன். வாசகியின் நாவலையே வைத்துக்கொள்வோம். "ஊர் துக்கத்தைச் சடங்காக்கி முடித்துவிடுகிறது, தாய்க்கு அது முடியவில்லை" என்பது கருத்து என்றால் ஆறும் காரியமும் அந்தத் தட்டும் போதும், கடிதம் வேண்டாம். முடிவு உலுக்கியது என்று சொல்லத்தான் வேண்டுமென்றால் நடையைச் சொல்லலாம்: "கடைசிப் பக்கங்களில் வாக்கியங்கள் சுருங்கிவிடுகின்றன, அதுவரை ஒட்டாதவருக்கும் அங்கே ஒட்டும்." பொருளின் பெயரும் ஆளின் பெயரும் சேரும்போதுதான் வாசகர் கணக்குப் போட்டுவிடுகிறார். "எதிர்பாராத திருப்பம்" என்பதும் ஆபத்துதான். அப்படிச் சொல்லிவிட்டால் வாசகர் ஒவ்வொரு பாத்திரத்தையும் சந்தேகத்தோடே பார்ப்பார்.

வெள்ளைத்தாள்
என் கதை வேறு. என் சிறுகதைத் தொகுப்புக்கு ஒருவர் மதிப்புரை எழுதினார். எல்லாக் கதைக்கும் ஆளுக்கு இரண்டு வரி, அந்த இரண்டாவது வரி ஒவ்வொன்றிலும் முடிவு. பிடித்ததா இல்லையா என்று எங்குமே இல்லை, கடைசியில் "வாழ்த்துகள்". திட்டியிருந்தாலாவது படித்திருக்கிறார் என்று இருந்திருக்கும். ஆறு பக்கக் கதையில் என்ன சுருக்கம் வேண்டிக்கிடக்கிறது? ஒரு கதையை எடுத்து, அது தொடங்கும் நிலைமையை மட்டும் சொல்லி, ஓர் உரையாடலைக் காட்டி, இது வேலை செய்கிறது, இது செய்யவில்லை என்று சொல்லுங்கள். மற்றக் கதைகளுக்குத் தலைப்பு போதும்.

பழைய பைண்டிங்
அடிக்கோடு, குறையே முடிவில் இருந்தால்? ஒரு நாவலில் நானூறு பக்கம் போராடிய பெண்ணைக் கடைசி அத்தியாயத்தில் ஒரு கல்யாணத்தால் அடக்கிவிடுகிறார் ஆசிரியர். அதைச் சொல்லாமல் "முடிவு ஏமாற்றம்" என்று மட்டும் எழுதினால் ஆதாரமில்லாத குற்றச்சாட்டு ஆகிவிடாதா? நடையைப் பற்றிப் பேசி இதைத் தாண்ட முடியாது.

அடிக்கோடு
அதற்குத்தான் கடைசியில் தனிப்பகுதி. "இனி முடிவைப் பற்றி, நாவலைப் படித்தவர்களுக்கு மட்டும்" என்று தனி வரியில் போட்டு, இடைவெளி விட்டு, அதற்குக் கீழே எல்லாவற்றையும் வெளிப்படையாக எழுதிவிடலாம். ஆனால் வாங்கலாமா வேண்டாமா என்ற தீர்ப்பு அந்தக் கோட்டுக்கு மேலேயே முடிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் புத்தகம் தேடி வந்தவரும் கீழே இறங்கித்தான் ஆக வேண்டும்.

பழைய பைண்டிங்
என் தீர்ப்பே அந்தக் கல்யாணத்தில்தான் இருக்கிறது. மேலே என்ன எழுதுவது?

மொட்டைமாடி வாசகி
"முன்பாதிக்காகப் படிக்கலாம், அந்தப் பெண்ணை நம்பிக் கடைசிவரை போகிறவர் கோபப்படுவார்" என்று எழுதினால் எனக்குப் போதும். என்ன கல்யாணம், யாரோடு என்று எனக்கு வேண்டாம். இன்னொன்று, விமர்சகரைத் தப்பித்தாலும் முன்னுரையில் மாட்டிக்கொள்கிறேன். அணிந்துரை எழுதுகிறவர்கள் முழுக்கதையையும் சொல்லிவிடுகிறார்கள். இப்போதெல்லாம் அதைக் கடைசியில்தான் படிக்கிறேன். நீங்கள்?