பொருள்: படவில்லைத் தொகுப்பைக் காணொளிக் கோப்பாக்கும் செயலுக்குத் தமிழ்ச் சொல்

புதுச்சேரி, லாஸ்பேட்டையிலிருந்து, மொழிபெயர்ப்பை ஒருங்கிணைப்பவர்

குழுவினருக்கு வணக்கம். படவில்லை மென்பொருளின் இடைமுகத்தைத் தமிழாக்கும் பணியில் `Export as Video` என்ற பொத்தானில் வந்து நிற்கிறோம். முந்தைய பதிப்பில் ‘காணொளியாக ஏற்றுமதி செய்’ என்று வைத்திருந்தோம். அது நீளமாக இருப்பதோடு பொருளும் விளங்கவில்லை என்று பயனர்கள் எழுதியிருக்கிறார்கள். சிலர் ‘காணொளியாக மாற்று’ என்பதே போதும் என்கிறார்கள். இப்பொத்தானை அழுத்துபவர்களில் பெரும்பாலோர் வாட்ஸ்அப் போன்ற செயலிகளில் பகிர்வதற்காகத்தான் அழுத்துகிறார்கள் என்பதை மனத்தில் கொண்டு சொல்லைப் பரிந்துரைக்க வேண்டுகிறேன். ‘காணொளி’யா ‘நிகழ்படமா’ என்ற பழைய வழக்கை இந்த இழையில் திறக்க வேண்டாம்.

புதுச்சேரியிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்

ஏற்றுமதி என்பது சரக்கைக் கப்பலில் ஏற்றி அனுப்புவது. அனுப்பிய சரக்கு நம்மிடம் இராது. இங்கே மூலத் தொகுப்பு நம்மிடமே இருக்கிறது. ஆகவே அச்சொல் பொருந்தாது. ‘காணொளியாக மாற்று’ என்பது எளிமையான நல்ல தமிழ். அதையே வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

கடலூர், மஞ்சக்குப்பத்திலிருந்து, பள்ளி ஆசிரியை

இழையின் கேள்விக்கு இது விடையாகுமா என்று தெரியவில்லை. ஆனாலும் என் இடர்ப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். பிச்சாவரம் அலையாத்திக் காடுகளைப் பற்றி 18 படவில்லைகள் செய்து, பவர்பாயிண்டில் காணொளியாக்கி, மாணவர்களின் குழுவில் அனுப்பினேன். வேர்களை ஒப்பிடும் பக்கத்தில் நான்கு வரிகள் இருந்தன. இரண்டாம் வரியைப் படிப்பதற்குள் அடுத்த பக்கம் வந்துவிட்டது. கைப்பேசியில் புள்ளிகளும் சரியாகத் தெரியவில்லை; ‘உப்பு’ என்பதை ஒரு மாணவி ‘உபபு’ என்று படித்துக் காட்டினாள். திருத்தலாம் என்று பார்த்தால் மூலக் கோப்பு இல்லை. காணொளியாக மாற்றியாயிற்றே, இனி எதற்கு என்று நானே அதை நீக்கிவிட்டேன். அந்தக் காணொளியைத் திறந்து எழுத்துகளைத் திருத்த வழி உண்டா?

புதுச்சேரி, முத்தியால்பேட்டையிலிருந்து, காணொளித் தொகுப்பாளர்

வழி இல்லை, அம்மா. அந்தக் `.mp4` கோப்புக்குள் எழுத்து என்று எதுவும் இல்லை; நொடிக்கு இத்தனை என்று அடுக்கப்பட்ட படங்களும் ஒலியும் மட்டுமே உள்ளன. ‘வேர்’ என்ற சொல் அங்கே வெறும் புள்ளிகளின் நிறம். இணைப்புகள் சொடுக்குக்கு இயங்கமாட்டா. நீங்கள் சொடுக்கும்போது தோன்ற வேண்டிய வரிகள் தாமாகவே தோன்றி முடிந்துவிடும். இதில் ஒரு நன்மையும் உண்டு. உங்கள் கணினியில் இருந்த எழுத்துரு மாணவரின் கைப்பேசியில் இல்லாவிட்டாலும் எழுத்து குலையாது. பழைய எழுத்துருக்களில் தட்டிய தொகுப்பை `.pptx` ஆகவே அனுப்பிக் கிறுக்கலாகப் பெற்றவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

பக்கம் ஓடிப்போனதற்குக் காரணம் நேரம். பக்கத்துக்குரிய நேரத்தை நாம் பதியாதபோது பவர்பாயிண்ட் ஒவ்வொன்றுக்கும் 5 நொடி தருகிறது. 18 பக்கங்களுக்கு 90 நொடி. உங்கள் பாடம் முழுவதும் ஒன்றரை நிமிடத்தில் முடிந்திருக்கும். `Rehearse Timings` வழியாக ஒரு முறை வகுப்பில் பேசுவதுபோல் உரக்கப் படித்துக்கொண்டே பக்கங்களை நகர்த்துங்கள். பிறகு காணொளி எடுக்கும் இடத்தில் `Use Recorded Timings and Narrations` என்பதைத் தேர்ந்தெடுத்தால், நீங்கள் நின்ற இடத்தில் அதுவும் நிற்கும்.

புள்ளி மறைந்தது வேறு கதை. காணொளி என்று அனுப்பினால் செயலி அதை மறுபடியும் சுருக்குகிறது. மெல்லிய கோடுகள்தாம் முதலில் அழிகின்றன. ஆவணமாக இணைத்து அனுப்பினால் கோப்பு அப்படியே போய்ச் சேரும். பெறுபவர் பதிவிறக்கம் முடிந்த பின்பே பார்க்க முடியும் என்பது மட்டும் குறை. நிறத்தையும் பாருங்கள். காணொளியில் வெளிச்சத்தை முழு நுணுக்கத்தோடும் நிறத்தை அகலத்திலும் உயரத்திலும் பாதி நுணுக்கத்தோடும் சேமிப்பதே பெருவழக்கம். ஆகவே நீலத்தின்மேல் சிவப்பு எழுத்து கசியும். அடர்நீலத்தின்மேல் வெள்ளை எழுத்து நிற்கும். குழுவில் இடுவதற்கு முன் ஒருவருக்கு மட்டும் அனுப்பி, அவர் கைப்பேசியில் ‘ப்’, ‘க்’ ஆகியவற்றின் தலையைப் பார்த்தால் போதும்.

இனி சொல்லுக்கு வருகிறேன். எங்கள் தொழிலில் யாரும் மாற்று என்று சொல்வதில்லை. திருமணக் காணொளி முடிந்தால் ‘அவுட்புட் எடு’, ‘ஒரு காப்பி எடு’ என்போம். ஜெராக்ஸ் எடுக்கிறோம், பிரிண்ட் எடுக்கிறோம். மூலம் இருக்க, அதிலிருந்து ஒன்றை எடுப்பதே இச்செயல். ‘மாற்று’ என்ற சொல்தான் அந்த அம்மாவை மூலக் கோப்பை நீக்க வைத்தது.

பேராசிரியர்

ஆசிரியைக்கு நேர்ந்ததைப் படித்தபின் ‘மாற்று’ என்ற என் பரிந்துரையைத் திரும்பப் பெறுகிறேன். ஏற்றுமதியில் நான் கண்ட அதே பிழை அதிலும் இருப்பதைக் கவனிக்கத் தவறினேன். தம்பி சொன்ன ‘எடு’ என்பதற்கு நம்மிடம் பழைய துணை ஒன்று இருக்கிறது: படியெடுத்தல். கல்வெட்டின்மேல் ஈரத்தாளை ஒற்றி, மை தடவி எடுப்பதை மைப்படி என்கிறோம். கல் கோயிலிலேயே இருக்கும். தாளில் கிடைப்பது அதன் தோற்றம் மட்டுமே. தாளில் என்ன திருத்தினாலும் கல்லில் ஓர் எழுத்தும் அசையாது. தொகுப்புக்கும் காணொளிக்கும் உள்ள உறவு இதுவே. ஆகவே ‘காணொளிப்படி எடு’ என்று முன்மொழிகிறேன். நடுவில் வரும் ‘ப்’ என்னும் ஒற்றை விட்டுவிடாதீர்கள்; விட்டால் ‘காணொளி படி’ என்று பிரிந்து பொருள் மயங்கும்.

நெல்லிக்குப்பத்திலிருந்து, நிரலாளர்

சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆயினும் ஒரு தடை உண்டு. அதே `Export` பட்டியலின் கீழ் பிடிஎஃப், படம், வேறு மென்பொருளின் வடிவம் ஆகியவையும் வருகின்றன. கடைசியில் சொன்னதைத் திறந்து தொடர்ந்து திருத்தலாம். அதைப் படி என்றால் பொருந்தாது. ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு இரண்டு தமிழ்ச் சொற்கள் வைத்தால் உதவிப் பக்கங்களில் தேடுபவர் திண்டாடுவார். மேலும் படியில் மூலத்தில் இல்லாதது எதுவும் இராது. காணொளியிலோ ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு கால அளவு புதிதாக ஏறுகிறது. மைப்படியில் காலம் இல்லை, ஐயா.

பேராசிரியர்

காலத்தைப் பற்றிச் சொன்னது சரி. அதற்கு என்னிடம் விடையில்லை. ஆனால் திரும்பத் திருத்தத் தக்கதும் தகாததும் வேறு வேறு பொருள்கள். ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தது என்பதற்காக நாமும் அடைக்க வேண்டியதில்லை.

ஒருங்கிணைப்பவர்

பொத்தானில் ‘காணொளிப்படி எடு’ என்று சோதனைப் பதிப்பில் இடுகிறேன். பட்டியலின் தலைப்பு இப்போதைக்கு ‘ஏற்றுமதி’யாகவே இருக்கும், பிடிஎஃப் எந்தப் பக்கம் சேரும் என்பதைத் தனி இழையில் பேசுவோம். நிரலாளர் எழுப்பிய காலம் குறித்த தடைக்காக, பொத்தானின் கீழ் ‘ஒவ்வொரு பக்கமும் நிற்கும் நேரம்’ என்ற வரியைச் சேர்க்கிறேன். இப்போது அங்கே ‘வில்லைக் கால அளவு’ என்று இருப்பது யாருக்கும் விளங்கவில்லை.

ஆசிரியை

18 பக்கங்களையும் மீண்டும் செய்து, நேரத்தைப் பதிந்து, ஆவணமாக அனுப்பினேன். இம்முறை ‘உப்பு’ உப்பாகவே இருந்தது. ஓர் ஐயம்: வேலை நடந்துகொண்டிருக்கும்போது கீழே ஒரு பட்டை நகர்கிறதே, அங்கே என்ன எழுதப்போகிறீர்கள்? இம்முறை முதலில் எடுத்தபோது அது முடியுமுன்பே நான் மென்பொருளை மூடிவிட்டேன். அந்தக் கோப்பு திறக்கவே இல்லை.