பிக்சட் எஃபெக்ட், ரேண்டம் எஃபெக்ட்: தமிழில் என்ன போடலாம்?

புதுச்சேரியிலிருந்து மொழிபெயர்ப்பவர்:
நண்பர்களே, பொருளியல் பாடநூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரே ஆளையோ படகையோ பல முறை அளந்து சேர்க்கும் பேனல் தரவு பற்றிய அத்தியாயத்தில் "நிலைத்த விளைவு", "சமவாய்ப்பு விளைவு" என்று போட்டிருக்கிறேன். சரியா, மாற்றணுமா?

நெல்லிக்குப்பம் தமிழாசிரியர்:
"நிலைத்த" இறந்தகாலப் பெயரெச்சம், முன்பு நிலையாமல் இருந்து பிறகு நிலைத்தது போல ஒலிக்கிறது. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சமாக "மாறா விளைவு" என்று போடுங்கள், காலமே ஒட்டாது. சமவாய்ப்பை விட இலங்கையில் வழங்கும் "எழுமாறு" நல்ல சொல். எழும் ஆறு, அதாவது எப்படி எழுகிறதோ அந்த வழி. ஆறு என்றால் வழி என்பதை "ஆற்றுப்படை"யிலேயே பார்க்கலாம். அப்புறம் "விளைவு" என்பதும் எனக்கு உறுத்துகிறது. விளை என்ற அடியிலிருந்து விளைச்சல், விளைநிலம் எல்லாம் வரும், இங்கே எதுவும் விளையவில்லையே.

விருத்தாசலத்துப் புள்ளியியல்காரர்:
ஆசிரியர் ஐயா, பொருளைப் பார்த்துப் பெயர் வைப்போம். முந்திரிச் சோதனையில் நாலே ரகத்தை ஒப்பிட வேண்டும், அந்த நாலுதான் வேண்டும் என்றால் பிக்சட். பல தோப்புகளில் சிலதைக் குலுக்கி எடுத்தால் ரேண்டம். எனவே "தெரிந்தெடுத்த விளைவு", "சமவாய்ப்பு விளைவு".

கடலூர் கல்லூரிப் பொருளியல் ஆசிரியை:
வயல் சோதனைக்கு நீங்கள் சொல்வது பொருந்தும் சார். பேனல் தரவில் கேள்வியே வேறு. வகுப்பில் நான் போடும் கணக்கைச் சொல்கிறேன், எண்கள் கற்பனைதான். தேவனாம்பட்டினத்தில் இரண்டு பைபர் படகு. முதல் படகு 20 லிட்டர் டீசலுக்கு 50 கிலோ மீன், 30 லிட்டருக்கு 60 கிலோ. இரண்டாவது 40 லிட்டருக்கு 110, 50 லிட்டருக்கு 120. ஒவ்வொரு படகுக்குள்ளும் பார்த்தால் கூடுதல் லிட்டருக்கு ஒரு கிலோதான். நாலு புள்ளியையும் கலந்து ஒரே கோடு போட்டால் லிட்டருக்கு 2.6 கிலோ என்று வரும். இரண்டாவது படகை ஓட்டுபவர் கைதேர்ந்தவர், தூரமும் போகிறார், மீனும் பிடிக்கிறார். அவர் திறமை தரவில் இல்லை, ஆனால் டீசலோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பிக்சட் முறை ஒவ்வொரு படகின் சராசரியையும் கழித்துவிடுவதால் திறமை போய்விடும், 1 கிடைக்கும். படகின் நீளம் போல மாறாத எதுவும் கூடவே போய்விடும், அதுதான் நாம் கொடுக்கும் விலை. ரேண்டம் முறை அரைகுறையாகக் கழிக்கும், நிறையப் படகுகளும் ஏற்ற இறக்கமும் உள்ள நிஜத் தரவில் அதன் விடை பொதுவாக இந்த இரண்டு வகை விடைக்கும் நடுவில் நிற்கும். ஆக, படகைக் குலுக்கி எடுத்தோமா என்பதல்ல கேள்வி. படகின் தனித்தன்மை டீசலோடு தொடர்புள்ளதா என்பதுதான். குலுக்கி எடுத்த படகிலும் அந்தத் தொடர்பு இருக்கலாம். என் யோசனை: "தொடர்புள்ள தனித்தன்மை", "தொடர்பிலாத் தனித்தன்மை".

மொழிபெயர்ப்பவர்:
அம்மா, பொருள் பளிச்சென்று இருக்கிறது, ஆனால் தலைப்பில் அடங்காது. மாணவர் R திரையில் பார்ப்பது இது, "within" என்பதுதான் பிக்சட்:

```r
library(plm)
fe <- plm(catch ~ diesel, data = p, model = "within")
re <- plm(catch ~ diesel, data = p, model = "random")
phtest(fe, re)
```

முதுநகர் பள்ளி ஆசிரியை:
என் மாணவர்களின் மூன்று தேர்வு மதிப்பெண், டியூஷன் நேரம் இரண்டையும் வைத்து இதையே ஓட்டினேன். `phtest` பெரிய p மதிப்பு தந்தது. அப்போ ரேண்டம் சரி என்று நிரூபணம் ஆகிவிட்டதுதானே?

கடலூர் ஆசிரியை:
இல்லை மேடம். ஹவுஸ்மன் 1978-இல் தந்த அந்தச் சோதனை இரண்டு மதிப்பீடும் ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்க்கிறது. உங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் மூன்று தேர்வுக்கும் ஒரே அளவு நேரம்தான் டியூஷன் போயிருப்பார்கள். ஒரே பிள்ளைக்குள் மாற்றம் குறைவாக இருந்தால் பிக்சட் மதிப்பீடே தள்ளாடும், அப்போது சோதனைக்கு வித்தியாசம் தெரியாது. டியூஷன் நேரத்தின் திட்டப்பிழை பிக்சட்டில் எவ்வளவு பெருத்திருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

அதே 1978-இல் முண்ட்லாக் காட்டிய வழி எனக்குப் பிடித்தது. ஒவ்வொரு பிள்ளையின் சராசரி டியூஷன் நேரத்தையும் ரேண்டம் மாதிரியில் கூடுதல் மாறியாகச் சேருங்கள். டியூஷன் நேரத்தின் கெழு பிக்சட் விடையாகவே வரும். சராசரியின் கெழு பூஜ்யத்திலிருந்து தெளிவாக விலகினால் தனித்தன்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள், வெறும் ரேண்டத்தை நம்ப வேண்டாம். பிள்ளைவாரியாகக் கொத்திட்ட திட்டப்பிழையோடும் இதைச் செய்யலாம், வழக்கமான ஹவுஸ்மன் அதற்குப் பொருந்தாது.

விருத்தாசலத்துப் புள்ளியியல்காரர்:
தொடர்பு பற்றி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "சமவாய்ப்பு" பாடநூலில் ஊறிவிட்ட சொல்.

நெல்லிக்குப்பம் தமிழாசிரியர்:
ஊறினாலும் பிழைதானே? சமவாய்ப்பு என்றால் எல்லாவற்றுக்கும் ஒரே வாய்ப்பு. படகின் தனித்தன்மைக்கு நீங்கள் இயல்நிலைப் பரவல்தானே வைக்கிறீர்கள், அதில் நடுவில் உள்ளதற்கு வாய்ப்பு அதிகம். அங்கே சமம் எங்கே?

கடலூர் ஆசிரியை:
அது நியாயமான கேள்வி ஐயா. எழுமாறுக்கு என் ஓட்டு.

மொழிபெயர்ப்பவர்:
சரி, நேரமில்லை. தலைப்பில் "மாறா விளைவு", "எழுமாறு விளைவு". முதல் பத்தியிலேயே தொடர்புள்ள, தொடர்பிலாத் தனித்தன்மை என்ற விளக்கம். படகுக் கணக்கு அப்படியே. எழுமாறுக்கு இரண்டு பேர் சரி என்கிறீர்கள்.

விருத்தாசலத்துப் புள்ளியியல்காரர்:
என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் சமவாய்ப்பு மாறி என்று படித்த பிள்ளை கல்லூரியில் எழுமாறைப் பார்த்தால் வேறு ஏதோ என்றுதான் நினைக்கும். சொல்லடைவிலாவது இரண்டையும் போடுங்கள்.