ரயில் சிநேகிதி வீட்டுக் கதை முழுவதையும் கொட்டுகிறார், புண்படாமல் எப்படி அளவு வைப்பது?

நீலமலர்:
செங்கல்பட்டு – கடற்கரை மின்சார ரயில், பெண்கள் பெட்டி. நான் சிங்கப்பெருமாள்கோயிலில் ஏறுவேன், அவர் கூடுவாஞ்சேரியில். இருவரும் கிண்டியில் இறங்குகிறோம். பழகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் கணவரின் கடன், மாமியார் பேசிய பேச்சு, மூன்றாம் மாதத்தில் கரு கலைந்தது வரை சொல்லிவிட்டார். நல்ல பெண். ஆனால் கிண்டியில் இறங்கும்போது எனக்குத் தலை கனத்துப்போகிறது. புண்படுத்தாமல் எப்படி நிறுத்துவது?

கரிசல்காரன்:
இரண்டு நாள் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு உட்காருங்கள். பாட்டு ஓட வேண்டும் என்றுகூட இல்லை. அவருக்கே புரிந்துவிடும். வாயைத் திறந்து சொன்னால்தான் புண்படும். இதற்குப் பெரிய விவாதம் எதுவும் தேவையில்லை.

தேன்மொழி:
இதைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. ஒரு பெண் கரு கலைந்ததைச் சொல்லியிருக்கிறார். மறுநாள் காலை ஏறிப் பார்த்தால் எதிரே இருப்பவர் காதை அடைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்க்கிறார். அவர் என்ன நினைப்பார்? "நான் நிறையப் பேசுகிறேன் போலிருக்கிறது" என்றா? "அதைச் சொன்னதால்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்" என்றுதான் நினைப்பார். பேச்சின் அளவைப் பற்றிய செய்தி, அவர் இழப்பைப் பற்றிய தீர்ப்பாகப் போய்ச் சேரும். நான் ஒரு தொலைபேசி உதவி மையத்தில் பல வருடங்களாகத் தன்னார்வலர். "சொன்ன பிறகு பேச்சையே நிறுத்திவிட்டார்கள்" என்ற வரியைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன்.

நீலமலர், அவர் கதையைத் தொடங்குவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள். கூடுவாஞ்சேரியில் ஏறி உட்கார்ந்ததும், சிரித்த முகத்தோடு: "தாம்பரம் வரை பேசலாம், அப்புறம் நான் கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்வேன்." அவ்வளவுதான், விளக்கம் வேண்டாம். தாம்பரம் வந்ததும் உண்மையிலேயே கண்ணை மூடுங்கள். அவர் அழுதுகொண்டிருக்கும்போது நடுவில் இதைச் சொல்லக் கூடாது. அப்போது எவ்வளவு மென்மையாகச் சொன்னாலும் அடியாகத்தான் விழும்.

கரிசல்காரன்:
கண்ணை மூடலாம், காதை மூடக் கூடாதா? நல்ல நியாயம்.

தேன்மொழி:
சொல்லிவிட்டு மூடுவதும் சொல்லாமல் மூடுவதும் ஒன்றல்ல. சொல்லிவிட்டு இயர்போன் மாட்டினாலும் எனக்குச் சம்மதம்தான். நீங்கள் எழுதியது அது இல்லை.

பாண்டியம்மாள்:
நீலமலர் தங்கச்சி, கணவர் கடன் வாங்கினால் முதலில் நகையைப் பத்திரப்படுத்து. என் கொழுந்தனார் மூன்று பேரிடம் கைமாற்று வாங்கி, கடைசியில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். நீ மாமியாரிடம் ஒன்றும் சொல்லாதே.

நீலமலர்:
அக்கா, கடன் என் வீட்டுக்காரருக்கு இல்லை. அந்தப் பெண்ணின் கணவருக்கு.

பாண்டியம்மாள்:
சரி சரி. ஆனாலும் நகை விஷயத்தில் கவனம். இன்னொன்று, கடன் கதை சொல்கிறவர்கள் அடுத்த மாதம் உன்னிடமே கேட்பார்கள். எங்கள் மாடியில் குடியிருந்தவள் முதலில் கண்ணீர்தான் விட்டாள், அப்புறம் ஐயாயிரம் கேட்டாள்.

வடசென்னைப்பையன்:
என்ன மனுஷங்க நீங்கள் எல்லாம்? ஒரு பெண் நாற்பது நிமிடம் மனசில் இருப்பதைச் சொல்கிறாள். அதற்கு நேரம் குறிக்க வேண்டுமாம், கண்ணை மூட வேண்டுமாம். எங்கள் தெருவில் தண்ணீர் லாரி வரும் வரை வாசலில் உட்கார்ந்து எல்லோரும் எல்லோரின் கதையையும் கேட்போம். யாருக்கும் தலை கனத்ததில்லை.

தேன்மொழி:
உங்கள் தெருவில் ஒருவர் சொல்லப் பத்துப் பேர் கேட்கிறீர்கள். கேட்டவருக்கும் நாளைக்குத் தன் கதையைச் சொல்ல இடம் இருக்கிறது. இங்கே ஒரே பக்கம்தான் பேச்சு. நீலமலர், ஒன்று கேட்கிறேன்: உங்கள் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியுமா?

நீலமலர்:
தெரியாது. இதுவரை கேட்டதில்லை. எந்த அலுவலகம் என்று மட்டும் கேட்டார்.

தேன்மொழி:
அதைத்தான் நினைத்தேன். நெருக்கம் படிப்படியாக இரண்டு பக்கமும் வளர வேண்டும். இவர் ஒரு பக்கம் மட்டும் கடைசிப் படிக்கே வந்துவிட்டார்.

ஜிக் ரூபின் என்ற உளவியலாளர் 1975-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது, பாஸ்டன் விமான நிலையத்தில் செய்தது. காத்திருக்கும் பயணிகளிடம் போய், கையெழுத்து மாதிரிக்காகத் தங்களைப் பற்றி நாலு வரி எழுதித் தரச் சொன்னார்கள். கேட்பவர் முதலில் தன்னைப் பற்றி எழுதிக் காட்டுவார். அவர் கொஞ்சம் மனம் திறந்தால் பயணியும் திறந்தார். ஆனால் முன்பின் தெரியாதவர் தனக்கென்றே மிக அந்தரங்கமாக எழுதுகிறார் என்று தோன்றியபோது பயணிகள் சுருக்கமாக எழுதி ஒதுங்கினார்கள். நீலமலருக்கு நடப்பதும் அதுதான். கல் நெஞ்சம் என்று யாரும் அவரைச் சொல்ல வேண்டாம்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. விமான நிலையத்தில் பார்த்தவரை மறுபடி பார்க்க மாட்டோம். சீசன் டிக்கெட் ரயிலில் நாளைக்கும் அதே முகம், அதே பெட்டி. சுற்றி உட்கார்ந்திருக்கும் எட்டுப் பேரும் அதே ஆட்கள். அவர் சொல்வது உங்கள் காதில் மட்டும் விழவில்லை. ஆறு மாதம் கழித்து, சொன்னதற்காக அவரே கூசிப்போய்ப் பெட்டி மாறி ஏறலாம்.

கரிசல்காரன்:
பாஸ்டன் வரை போய்விட்டோம். நான் சொன்னது கூடுவாஞ்சேரிக்கு. பயணிகள் ஒதுங்கினார்கள் என்று நீங்களே எழுதுகிறீர்கள். யாராவது "தாம்பரம் வரைதான்" என்று சொல்லிவிட்டா ஒதுங்கினார்கள்? சொல்லாமல்தானே? நானும் அதைத்தான் சொல்கிறேன், இயர்போன்.

தேன்மொழி:
அவர்கள் மறுநாள் அதே ஆளின் எதிரே உட்காரவில்லை. அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

கரிசல்காரன்:
வீட்டு முன்பணம் பற்றிய விவாதத்திலும் இப்படித்தான். என் வரியில் பாதியை எடுத்துப்போட்டுக் கடைசி வரை நீங்களே பேசினீர்கள். மறக்கவில்லை.

தேன்மொழி:
அந்த விவாதத்தில் நான் எழுதியதில் இன்றும் ஒரு எழுத்தை மாற்ற மாட்டேன். இப்போது நீலமலருக்கு.

முதல் விஷயம், "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்பதை விட்டுவிடுங்கள். மரியாதைக்குக் கேட்கிறோம், ஆனால் ஒவ்வொரு கேள்வியும் இன்னும் ஒரு ஸ்டேஷன் நீளத்துக்குக் கதையை இழுக்கும். அதற்குப் பதில் ஒரே வாக்கியம்: "கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. இதற்கு எனக்கு வழி சொல்லத் தெரியவில்லை. உங்கள் அக்காவிடம் சொன்னீர்களா?" வருத்தத்தை ஒப்புக்கொண்டாயிற்று, அதைத் தாங்கும் இடம் நீங்கள் இல்லை என்பதும் தெரிந்துவிட்டது. அடுத்து, அவர் சொன்னார் என்பதற்காகப் பதிலுக்கு உங்கள் ரகசியத்தைச் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் அளவு வைக்கும் வாய்ப்பே போய்விடும்.

கரு கலைந்த விஷயத்தை மட்டும் தனியாகக் கையாளுங்கள். "இதை இத்தனை பேர் நடுவில் பேச வேண்டாமே, உங்களுக்காகச் சொல்கிறேன்" என்று காதருகே மெதுவாகச் சொல்லலாம். அது உண்மையும்கூட. முதல் சில நாள் அவர் இன்னும் வேகமாகப் பேசுவார், தாம்பரத்துக்குள் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்று. பிறகு கொஞ்சம் உம்மென்று இருப்பார். அதைப் பார்த்து மனம் இளகி, மறுபடி கிண்டி வரை கேட்டுவிடாதீர்கள். பொறுத்திருந்தால் அளவு நிற்கும் என்று அவருக்குப் பிடிபடும்.

வடசென்னைப்பையன்:
அக்காவிடம் சொல்ல முடிந்திருந்தால் ரயிலில் ஏன் சொல்லப்போகிறாள்? இதை யாரும் யோசிக்கவில்லை.

தேன்மொழி:
நியாயமான கேள்வி. அக்கா இல்லையென்றால் வேறு இடம் காட்ட வேண்டும். மன உளைச்சலுக்கு டெலி மானஸ், எண் 14416. மத்திய அரசு 2022-இல் தொடங்கியது, கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். வீட்டில் அடி விழுகிறது என்றால் 181. இந்த இரண்டு சமயத்தில் மட்டும் தாம்பரக் கணக்கு செல்லாது: கணவர் அடிக்கிறார் என்று சொன்னாலோ, வாழப் பிடிக்கவில்லை என்று சொன்னாலோ. அப்போது ஸ்டேஷனைப் பார்க்காமல், "சாக வேண்டும் என்று நினைக்கிறீர்களா?" என்று நேராகவே கேட்க வேண்டும்.

கரிசல்காரன்:
நேராகக் கேட்பதா? இல்லாத எண்ணத்தை நீங்களே விதைப்பீர்கள் போலிருக்கிறது.

தேன்மொழி:
கேட்பதால் அந்த எண்ணம் வராது. எங்களுக்குப் பயிற்சியில் முதலில் சொல்லித் தந்தது இதுதான், உலக சுகாதார நிறுவனமும் இதையே சொல்கிறது. இருக்கும் எண்ணத்தைச் சொல்ல வழி கிடைக்கும், அவ்வளவுதான். இந்த ஒரு விஷயத்தில் தயவுசெய்து தெரியாமல் எழுதாதீர்கள். படிக்கிறவர்களில் யாருக்கு இன்று இது தேவைப்படும் என்று நமக்குத் தெரியாது.

பாண்டியம்மாள்:
14416-ஐ எழுதி வைத்துக்கொண்டேன். கொழுந்தனார் மனைவிக்குக் கொடுக்கலாம். அவளும் பகல் முழுக்க என்னிடம்தான் புலம்புகிறாள், நான் என்ன செய்ய, அடுப்படியில் இயர்போன் மாட்டவா முடியும்?

நீலமலர்:
இன்று சொன்னேன். ஏறியதும் "தாம்பரம் வரை பேசலாம்" என்றேன். "ஏன், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். தூக்கம் வருகிறது என்று சொன்னேன். தாம்பரத்தில் கண்ணை மூடினேன். பல்லாவரம் வரை சும்மா இருந்தார். திரிசூலத்தில் என் கையைத் தட்டி, "ஒரே ஒரு விஷயம்" என்று ஆரம்பித்தார். கிண்டி வந்துவிட்டது.

கரிசல்காரன்:
இயர்போன் இருந்திருந்தால் கையைத் தட்டியிருக்க மாட்டார்.

தேன்மொழி:
இயர்போன் இருந்தாலும் தட்டியிருப்பார். "தூக்கம் வருகிறது" என்ற காரணம்தான் இடம் கொடுத்தது. தூக்கம் என்றால் எழுப்பலாமே. நாளைக்குக் காரணமே சொல்லாதீர்கள். தட்டினால் கண்ணைத் திறந்து, "நாளைக்குத் தாம்பரத்துக்கு முன்னால் சொல்லுங்கள், கேட்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி மூடிக்கொள்ளுங்கள்.

வடசென்னைப்பையன்:
பாவம் அந்தப் பெண். பெட்டி மாறி ஏறிவிட்டால் நீங்கள் இரண்டு பேரும் பதில் சொல்வீர்களா?

கரிசல்காரன்:
என்னை ஏன் சேர்க்கிறீர்கள்? நான் பேசாமல் இருக்கத்தான் சொன்னேன். பேசச் சொன்னது அவர்.

தேன்மொழி:
பேசாமல் இருந்தால்தான் பெட்டி மாறுவார். இதை எத்தனை தடவை எழுதுவது?

கரிசல்காரன்:
எத்தனை தடவை எழுதினாலும் இயர்போன்தான்.