இணைப்பை அனுப்பினேன், அண்ணனுக்குத் தெரிந்தது வெறும் படிவம்

வாய்க்கால்கரை

நேற்று ஒரு லிங்க்கால் எங்கள் வீட்டில் சண்டையே வந்துவிட்டது. ஊரில் இருக்கிற புன்செய் நிலத்தை விற்கலாம் என்று பேச்சு. அண்ணன் குவைத்தில் இருக்கிறார். பட்டா யார் யார் பேரில் இருக்கிறது, பரப்பு எவ்வளவு என்று பார்த்து அனுப்பச் சொன்னார். நானும் அரசுத் தளத்துக்குள் போய், மாவட்டம், வட்டம், கிராமம் எல்லாம் தேர்ந்தெடுத்து, புல எண் 112, உட்பிரிவு 3B என்று போட்டு, படத்தில் இருந்த எழுத்துகளையும் தட்டினேன். பட்டா எண், எங்கள் இருவர் பெயர், பரப்பு, தீர்வை எல்லாம் வந்தது. மேலே இருந்த முகவரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன்.

பத்து நிமிடத்தில் போன். "என்னடா, மாவட்டத்தைத் தேர்ந்தெடு என்று வருகிறது? பட்டா எங்கே?" நான் என் போனில் திறந்து பார்த்தேன், ஜம்மென்று இருக்கிறது. "எனக்குத் தெரிகிறதே அண்ணே" என்றேன். மறுபடி அனுப்பினேன். மறுபடி வெறும் படிவம். மூன்றாம் முறை அவர் கேட்ட கேள்வியைத்தான் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை: "என் பேரை எடுத்துவிட்டாயா, அதைத்தான் காட்டாமல் இருக்கிறாயா?"

ஒரே லிங்க், எனக்கு ஒன்று, அவருக்கு ஒன்று. இப்படி யாருக்காவது நடந்திருக்கிறதா?

கணினிப்பித்தன்

வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது லிங்க் பாதியில் அறுந்திருக்கும். நடுவில் இடைவெளி வந்தால் அதோடு நீல நிறம் நின்றுவிடும், மீதி வெறும் எழுத்தாகப் போகும். எனக்குப் பலமுறை நடந்திருக்கிறது. லிங்க்கைச் சுருக்கித் தருகிற தளத்தில் போட்டுச் சின்னதாக்கி அனுப்புங்கள், சரியாகிவிடும்.

செல்வி_மதுரை

அண்ணா, போனில் இடம் நிறைந்திருந்தாலும் இப்படித்தான் வரும். உங்கள் அண்ணனை கேஷ் அழிக்கச் சொல்லிப் பாருங்கள். என் தங்கை போனில் யூடியூப் திறக்காமல் இருந்தது, அழித்ததும் வந்துவிட்டது.

பழைய_புரோகிராமர்

தம்பி, லிங்க் அறுந்திருந்தால் உங்கள் அண்ணனுக்குப் பிழைப் பக்கம்தான் பெரும்பாலும் வந்திருக்கும். அவருக்குப் படிவம் ஒழுங்காக வந்திருக்கிறது. அப்படியென்றால் லிங்க் சரியாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. நீங்கள் அனுப்பிய முகவரியை ஒருமுறை உற்றுப் பாருங்கள். அதில் 112 என்ற எண் எங்காவது இருக்கிறதா? கிராமத்தின் பெயரோ குறியீடோ இருக்கிறதா?

வாய்க்கால்கரை

இல்லை. கடைசியில் இப்படி முடிகிறது, அவ்வளவுதான்:

```
/landrecord/result.html?lan=ta
```

பழைய_புரோகிராமர்

அதுதான் விஷயம். `lan=ta` என்றால் தமிழில் காட்டு என்று அர்த்தம். அது ஒன்றுதான் முகவரியில் இருக்கிறது. நீங்கள் தேர்ந்தெடுத்த மாவட்டமும் புல எண்ணும் முகவரிக்கு வெளியே, தனியாக சர்வருக்குப் போயிருக்கின்றன. படிவத்தில் போடுவதை இப்படி அனுப்புவதற்கு POST என்று பெயர். ரேஷன் கடைக்குப் போய் அட்டையைக் கொடுத்துச் சர்க்கரை வாங்கி வருகிறீர்கள் என்று வையுங்கள். பிறகு அண்ணனிடம் கடை இருக்கிற தெருப் பெயரை மட்டும் சொல்கிறீர்கள். அவரும் அங்கே போகிறார். கையில் அட்டை இல்லை. கடைக்காரர் "அட்டையைக் கொடுங்க" என்கிறார். அந்த "மாவட்டத்தைத் தேர்ந்தெடு" அதுதான்.

உங்கள் போனில் மட்டும் ஏன் மறுபடியும் வருகிறது என்றால், முதல் தடவை போனபோதே சர்வர் உங்கள் பிரவுசரிடம் ஒரு சீட்டுக் கொடுத்திருக்கும். குக்கீ என்பார்கள். அடுத்த தடவை பிரவுசர் அதை நீட்டியதும் "ஓ, 112/3B கேட்டவரா" என்று சர்வர் நினைவிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது. அந்தச் சீட்டு உங்கள் போனிலேயே இருக்கிறது, வாட்ஸ்அப்பில் போகவில்லை. இருபது நிமிடம், அரை மணி நேரம் சும்மா விட்டால் பல தளங்களில் உங்களுக்கே படிவம்தான் வரும்.

கணினிப்பித்தன் சொன்ன இடைவெளிப் பிரச்சினை உண்மைதான், நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் இங்கே சுருக்கினால் பயனில்லை. சுருக்கிய லிங்க்கும் கடைசியில் இதே முகவரிக்குத்தான் கூட்டிக்கொண்டு போகும்.

எல்லாத் தளமும் இப்படி இல்லை. கூகுளில் `கம்பு சாகுபடி` என்று தேடிவிட்டு முகவரியைப் பாருங்கள், `q=` என்பதற்குப் பின்னால் தேடிய சொல் இருக்கும். சில பிரவுசரில் தமிழெழுத்து `%E0%AE` என்று புரியாத குறிகளாகத் தெரியும், பயப்பட வேண்டாம், அது தமிழ்தான். அந்த லிங்க்கை அனுப்பினால் கேள்வியும் கூடவே போகிறது.

அனுபவசாலி_71

எனக்கு நடந்தது வேறு மாதிரி. மாமனாருக்கு வயிற்று ஸ்கேன். ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட்டை லிங்க்காக அனுப்பினார்கள். அன்றைக்கே திறந்து பார்த்தேன், படத்தோடு அருமையாக வந்தது. லிங்க்தான் இருக்கிறதே என்று பேப்பரையும் வாங்காமல் விட்டேன். பெரிய டாக்டரிடம் நேரம் கிடைத்தது 12ஆம் தேதி. அவர் மேசை முன்னால் உட்கார்ந்து லிங்க்கைத் தட்டினால் ஆங்கிலத்தில் ஏதோ நாலு வரி, `AccessDenied`, `Request has expired`. டாக்டர் என்னைப் பார்த்த பார்வையும், மாமனார் என்னைப் பார்த்த பார்வையும்... சரி, விடுங்கள். எனக்கு லாகின், குக்கீ எதுவும் கிடையாது. முதலில் வந்தது அப்புறம் ஏன் வரவில்லை?

பழைய_புரோகிராமர்

சார், அந்த லிங்க் இன்னும் போனில் இருந்தால் நடுவில் `X-Amz-Date`, `X-Amz-Expires` என்று இருக்கிறதா பாருங்கள். பேஷன்ட் விவரம், கையெழுத்து மாதிரி வருகிற நீளமான பகுதி எதையும் இங்கே போடாதீர்கள், அந்த இரண்டு மட்டும் போதும்.

அனுபவசாலி_71

இருக்கிறது.

```
X-Amz-Date=20240304T053000Z
X-Amz-Expires=604800
```

பழைய_புரோகிராமர்

பதில் அதிலேயே எழுதியிருக்கிறது. முதல் வரி, லிங்க் தயாரான நேரம்: 2024 மார்ச் 4, 5.30 மணி. கடைசியில் Z இருப்பதால் அது கிரீன்விச் நேரம், நம் கணக்கில் காலை 11 மணி. இரண்டாவது வரி எத்தனை விநாடி செல்லும் என்பது. 604800 விநாடி என்றால் சரியாக 7 நாள். ஆக மார்ச் 11 காலை 11 மணியோடு அந்த லிங்க்கின் ஆயுள் முடிந்தது. நீங்கள் டாக்டரிடம் போனது மறுநாள். ஃபைல் அழிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. அதைத் திறக்கிற அனுமதி காலாவதியாகியிருக்கிறது, அவ்வளவுதான். சென்டரில் கேட்டால் புது லிங்க் தருவார்கள். இந்த வகையில் 7 நாளுக்கு மேல் போடவே முடியாது, சில இடங்களில் அதற்கு முன்பே செத்துப்போகவும் செய்யும்.

தேதியை நீங்களே முகவரியில் திருத்திப் பார்க்கலாம் என்று தோன்றும். வேலைக்கு ஆகாது. ஓர் எண்ணை மாற்றினாலும் பின்னால் இருக்கிற கையெழுத்துப் பொருந்தாமல் போய்விடும்.

கணினிப்பித்தன்

அப்படியென்றால் அனுப்புவதற்கு முன்னால் இன்காக்னிட்டோ விண்டோவில் திறந்து பார்த்தால் போதுமே? அதில் பழைய குக்கீ எதுவும் இருக்காது. நமக்கு அங்கே தெரிந்தால் எல்லோருக்கும் தெரியும்.

நூலக_டீச்சர்

அதை நம்பித்தான் நான் ஏமாந்தேன். கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். மாணவர்களுக்கு ஓர் ஆய்வுக் கட்டுரையின் லிங்க்கை அனுப்பும்போது, நீங்கள் சொன்ன மாதிரி இன்காக்னிட்டோவில் திறந்து பார்த்தேன். முழுக் கட்டுரையும் வந்தது. தைரியமாக அனுப்பிவிட்டேன். ராத்திரி ஒரு பெண் ஸ்கிரீன்ஷாட் போடுகிறாள், கட்டுரைச் சுருக்கம் மட்டும் இருக்கிறது, கீழே டாலரில் விலை. "மேம், வாங்கணுமா?" என்று கேள்வி வேறு.

கல்லூரி சந்தா கட்டியிருக்கிறது. அந்த வெளியீட்டாளர், திறக்கிறவர் யார், பேர் என்ன என்றெல்லாம் பார்ப்பதில்லை, எந்த நெட்வொர்க்கிலிருந்து வருகிறது என்று பார்க்கிறார்கள். கல்லூரி வைஃபையில் இருக்கிற வரை இன்காக்னிட்டோவில் திறந்தாலும் அது கல்லூரிதான். இப்போதெல்லாம் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில், இன்காக்னிட்டோவில் திறந்து பார்க்கிறேன். அதிலும் வராத கட்டுரை என்றால் தலைப்பும் அந்தக் கட்டுரைக்கென்று இருக்கிற DOI எண்ணும் அனுப்பி, கல்லூரிக்கு வந்து இறக்கிக்கொள்ளச் சொல்கிறேன்.

பழைய_புரோகிராமர்

டீச்சர் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. கணினிப்பித்தன் சொன்ன சோதனை குக்கீயை மட்டும்தான் பிடிக்கும். இடம், நெட்வொர்க், காலாவதி மூன்றையும் பிடிக்காது.

இன்னொன்று, வாட்ஸ்அப்பில் லிங்க் ஒட்டியதும் மேலே சின்னப் பெட்டியில் தலைப்பு வருகிறதே, அதையும் ஒரு கண் பாருங்கள். அது உங்கள் போனிலேயே தயாராகிறது, ஆனால் உங்கள் பிரவுசரின் குக்கீ அதற்குக் கிடையாது. உள்ளே பட்டாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், பெட்டியில் `Login` என்று வந்தால், அண்ணனுக்கும் அதுதான். பெட்டி சரியாக வந்தால் பக்கமும் வரும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அதற்கு உத்தரவாதம் இல்லை.

இன்சூரன்ஸ்_மணி

நீங்கள் எல்லோரும் தெரியவில்லை என்கிறீர்கள். எனக்கு அதிகமாகத் தெரிந்துவிட்டது! பல வருடத்துக்கு முன்னால், வேலை பார்த்த ஆபீஸில் ஒரு பழைய சாஃப்ட்வேர். ஒரு பாலிசிப் பக்கத்தின் முகவரியை நகலெடுத்துப் பக்கத்துச் சீட்டுத் தோழிக்கு மெயில் போட்டேன். அவள் திறந்ததும் மேலே "வணக்கம் மணி" என்று என் பெயர். என் கணக்கிலேயே நுழைந்துவிட்டாள். என் பெயரில் ஒப்புதல் பொத்தானையும் அமுக்கியிருக்கலாம். முகவரியில் `;jsessionid=` என்று நீளமாக ஏதோ இருந்தது ஞாபகம் இருக்கிறது.

பழைய_புரோகிராமர்

ஜாவாவில் எழுதின பழைய தளங்களில் இது உண்டு. குக்கீ போகாவிட்டால் அந்தச் சீட்டையே முகவரியில் ஒட்டிவிடும். நீங்கள் கடைத் தெருவோடு அட்டையையும் சேர்த்துக் கொடுத்துவிட்டீர்கள். அப்படிப்பட்ட லிங்க்கை அனுப்பிவிட்டால் உடனே லாக்அவுட் செய்ய வேண்டும். தாவலை மூடினால் மட்டும் போதாது.

வாய்க்கால்கரை

எல்லோருக்கும் நன்றி. இன்றைக்குப் பட்டாவை PDF ஆகவே இறக்கி அனுப்பினேன். அண்ணன் பார்த்துவிட்டு, "PDF-ல யார் வேணும்னாலும் எழுத்தை மாத்தலாமே" என்கிறார். அவர் சொல்வதும் நியாயம்தான், லிங்க் கேட்டதே அதற்குத்தான்.

பழைய_புரோகிராமர்

பக்கத்தின் லிங்க்கை விடுங்கள். தளத்தின் முதல் முகவரியை அனுப்பி, மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் 112, உட்பிரிவு 3B என்று வரிசையாக எழுதி அனுப்புங்கள். அவரே தட்டிப் பார்க்கட்டும். அப்போது உங்கள் மேல் சந்தேகமே வராது.

வாய்க்கால்கரை

அனுப்பினேன் அண்ணா. மொபைல் எண் போட்டு OTP வாங்கச் சொல்கிறதாம். அவருடைய ஊர் சிம் இங்கே என் மேசை டிராயரில்தான் கிடக்கிறது. ரீசார்ஜ் செய்து வைத்துக்கொள், நாளைக்குக் கூப்பிடுகிறேன், வருகிற எண்ணைச் சொல் என்றிருக்கிறார்.

செல்வி_மதுரை

கேஷ் அழித்துப் பார்த்தீர்களா அண்ணா?