மீட்பு ஓட்டம்: 30% எதில் கூட்டுவது, எதில் கழிப்பது?

10 கி.மீ. பந்தயத்தை 50 நிமிடத்தில் முடிப்பவருக்கு பேஸ் கிலோமீட்டருக்கு 5:00, அதாவது 300 வினாடி. மறுநாள் மீட்பு ஓட்டம் 30% மெதுவாக என்றால் 300 × 1.30 = 390 வினாடி; 6:30 வருகிறது. அதையே டிரெட்மில்லின் வேகத்தை வைத்துக் கணக்கிட்டால், மணிக்கு 12 கி.மீ.-இல் 30% கழித்து 8.4, அது 7:09 பேஸ். ஒரே 30%தான், கிலோமீட்டருக்கு 39 வினாடி இடிக்கிறது! 6:30 வேண்டுமானால் 12 ÷ 1.30, சுமார் 9.2 வைக்க வேண்டும்.

அட்டவணையில் வெறுமனே "30% மெதுவாக" என்றிருந்தால் நீங்கள் எதை எடுக்கிறீர்கள்? 6:30-இல் ஒரு முழு வாக்கியம் பேசுவதற்குள் மூச்சு வாங்கினால் 7:09 பக்கம் இறங்கிவிடலாம்தானே? கடும் வெயிலிலும் மேட்டிலும் சதவீதத்தை விட்டுவிட்டு, பேச முடிகிறதா என்பதை மட்டும் பார்ப்பவர்கள் உண்டா?