அன்றைக்கு முடியாத வேலை: நாளைக்குத் தள்ளுவதா, தேதி போடுவதா, அடித்துவிடுவதா?

பாதிரிப்புலியூர்ப் பையன்

வரி ஆலோசகர் ஆபீசில் கணக்கு எழுதுகிறேன். காலையில் நோட்டில் 14 வேலை எழுதினால் சாயங்காலம் 8 மிச்சம் நிற்கிறது. அப்படியே மறுநாள் பக்கத்தில் எழுதிக்கொள்கிறேன். ஒரு வேலை 11 நாளாகக் கூடவே வருகிறது. மிச்சத்தை நாளைக்குத் தள்ளுவதா, வேறு தேதி போடுவதா, அடித்துவிடுவதா? நீங்கள் எப்படி முடிவு செய்கிறீர்கள்?

முதுநகர் ஹார்டுவேர்

அடித்துவிடுங்கள் தம்பி. நான் சொந்த அனுபவத்தில் சொல்கிறேன். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையில், கடைக்குள் முழங்கால் தண்ணீர். கல்லாவுக்குக் கீழே இருந்த நோட்டு ஊறிக் கூழாகிவிட்டது. நாற்பது வேலையாவது அதில் இருந்திருக்கும். கடையைக் கழுவித் திறந்த பிறகு நினைவில் இருந்ததை மட்டும் புது நோட்டில் எழுதினேன். ஒன்பதுதான் வந்தது. மீதியை இன்றுவரை யாரும் கேட்கவில்லை. அன்றிலிருந்து ராத்திரி ஷட்டர் இறக்கும்போது அன்றைய பக்கத்தைக் கிழித்துவிடுகிறேன். முக்கியமானது என்றால் தானாகத் திரும்பி வரும்.

மஞ்சக்குப்பம் கணக்கர்

அண்ணே, திரும்பி வந்த அந்த ஒன்பதும் எப்படி வந்தது என்று யோசித்துப் பாருங்கள். பணம் வரவேண்டிய சப்ளையர் போன் செய்திருப்பார், சரக்கு கேட்டவர் கடைக்கே வந்திருப்பார். அந்த வேலைகளுக்கு உங்கள் நோட்டே தேவையில்லை, உங்களை ஞாபகப்படுத்த ஆள் இருக்கிறது. உங்களைத் தவிர யாருக்கும் தெரியாத வேலை திரும்பி வராது. தவறவிட்டோம் என்பதே பிறகுதான் தெரியும்.

நான் அப்படி ஒன்றை விட்டேன். ஜிஎஸ்டியில் சிறு வியாபாரிகளுக்கான எளிய முறையான காம்போசிஷன் திட்டத்துக்கு மாற நினைக்கிற வியாபாரி, நிதியாண்டு தொடங்கும் முன், மார்ச் 31-க்குள் அந்த விருப்பத்தைப் போர்ட்டலில் பதிய வேண்டும். பாத்திரக்கடை பார்ட்டி ஒருவரிடம் அதைப் பற்றிப் பேச வேண்டும் என்று எழுதி வைத்திருந்தேன். மூன்று வாரம் பக்கம் பக்கமாக வந்தது. ஒரு நாள் சலித்துப்போய், தேவையென்றால் அவரே கூப்பிடுவார் என்று அடித்துவிட்டேன். அவர் ஏப்ரல் முதல் வாரத்தில் வந்தார். அந்த வருஷம் முழுக்க மாதா மாதம் ரெகுலர் ரிட்டர்ன் போட வேண்டியதாகிவிட்டது. அவர் என்னைத் திட்டவில்லை, அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அதனால் அடிப்பதற்கு முன் நான் ஒன்றைத்தான் கேட்டுக்கொள்கிறேன். இதை நான் மறந்தால் வேறு யாராவது கெடு தேதிக்கு முன்பு எனக்குச் சொல்வார்களா? சொல்வார்கள் என்றால் தைரியமாக அடிக்கலாம்.

லாஸ்பேட்டை ப்ரோகிராமர்

தினமும் சாயங்காலம் எட்டு வேலையைக் கையால் எழுதிப் பார்ப்பது நேரம் வீண். மென்பொருளிடம் விட்டுவிடலாம். நான் ஈமாக்ஸ் எடிட்டரில் ஓர்க் மோடு வைத்திருக்கிறேன். முடிக்காத வேலை தானாக இன்றைய பட்டியலுக்கு வந்துவிடும். பக்கத்திலேயே `Sched. 5x:` என்று எண் ஏறிக்கொண்டே இருக்கும். எது பழையது என்று கணக்குப் பார்க்க வேண்டியதே இல்லை.

மஞ்சக்குப்பம் கணக்கர்

தம்பி, அந்த வேலைக்குப் புதுத் தேதி கொடுத்தால் எண் என்ன ஆகும்?

லாஸ்பேட்டை ப்ரோகிராமர்

புதுத் தேதியிலிருந்துதான் எண்ணும். சார் கேட்பது புரிகிறது. ஐந்து தடவை தேதி மாற்றினாலும் அது புது வேலை போலத்தான் தெரியும், உண்மைதான். அதற்கு ஒரு வழி இருக்கிறது. ஈமாக்ஸ் அமைப்புக் கோப்பில் இந்த வரியைச் சேர்த்தால் ஒவ்வொரு முறை தேதி மாற்றும்போதும் காரணம் எழுதச் சொல்லிக் கேட்கும், பழைய தேதியும் வேலைக்குக் கீழேயே பதிந்துவிடும்:

```
(setq org-log-reschedule 'note)
```

நான் இதைப் போட்டிருந்தேன், இரண்டு வாரத்தில் எடுத்துவிட்டேன். தொந்தரவாக இருந்தது.

மஞ்சக்குப்பம் கணக்கர்

அந்தத் தொந்தரவுதான் தேவை. தானாக நகர்கிற வேலைக்கு யாரும் முடிவு எடுப்பதில்லை. கையால் மறுபடி எழுதும்போது 'இதை ஏன் இன்னும் எழுதுகிறேன்' என்று ஒரு நொடியாவது மனசில் படும். நான் நகர்த்தும் ஒவ்வொரு முறையும் வேலைக்கு முன்னால் ஒரு புள்ளி வைப்பேன். மூன்று புள்ளி விழுந்துவிட்டால் அதே வார்த்தைகளில் நான்காவது முறை எழுத மாட்டேன்.

உப்பளம் நர்ஸ்

எங்கள் வார்டில் மிச்ச வேலையை யாருமே 'நாளைக்கு' என்று சொல்ல முடியாது. அடுத்த ஷிப்ட் சிஸ்டரிடம் ஒவ்வொரு கட்டிலாகச் சொல்லி, புத்தகத்திலும் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவோம். ரத்தம் எடுக்கவில்லை என்றால் 'எடுக்கவில்லை' என்று மட்டும் எழுதினால் போதாது. நோயாளி ஸ்கேனுக்குப் போயிருந்தார், எட்டு மணிக்கு எடுக்க வேண்டும் என்று எழுத வேண்டும். அடிப்பது எங்கள் கையில் இல்லை, டாக்டர் நிறுத்தச் சொன்னால்தான். தம்பியும் மிச்சத்தை ஆபீசில் இன்னொருவரிடம் ஒப்படைத்துவிடலாமே?

பாதிரிப்புலியூர்ப் பையன்

அக்கா, எனக்குப் பிறகு ஷிப்ட் கிடையாது. நாளைக் காலையிலும் அதே நாற்காலியில் நான்தான். ஆனால் ஏன் முடியவில்லை என்று எழுதுவதை நான் இதுவரை செய்ததில்லை.

இன்று தேதி 12. மிச்சம் எட்டில் நான்கு சின்ன வேலை, நாளைக் காலை அரை மணியில் முடித்துவிடுவேன். குழப்பம் தருகிற நான்கு இவை. புதுவை பார்ட்டிக்குப் போன பில் ஒன்று நேற்றுப் போட்ட விற்பனை ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1-இல் விடுபட்டுவிட்டது. இன்னொரு பார்ட்டிக்குக் கொள்முதலை ஒப்பிட வேண்டும். டிரான்ஸ்போர்ட் பார்ட்டியிடம் பேங்க் ஸ்டேட்மெண்ட் வாங்க வேண்டும், இதுதான் 11 நாளாக வருவது. கடைசியாக, பழைய ஃபைல் அலமாரியை ஒழுங்கு செய்ய வேண்டும்.

மஞ்சக்குப்பம் கணக்கர்

விடுபட்ட பில்தான் நாளைக்கு உண்மையிலேயே போக வேண்டியது. வரி கட்டும் ரிட்டர்னான 3பி போடுவதற்கு முன், திருத்தப் படிவமான ஜிஎஸ்டிஆர்-1ஏ-வில் அதைச் சேர்த்துவிடலாம். அதனால் இதற்குக் கெடு 20-ஆம் தேதி என்று நினைக்காதீர்கள். பக்கத்துச் சீட்டுக்காரர் 16-ஆம் தேதியே 3பி-யைப் போட்டுவிட்டால் உங்கள் கெடுவும் அன்றைக்கே முடிந்தது. நாளை முதல் வேலையாக எழுதுங்கள். கடலூரிலிருந்து புதுவைக்குப் போனது வெளி மாநில விற்பனை, ஐஜிஎஸ்டி என்பதையும் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். இருபது கிலோமீட்டர்தானே என்று கை தானாக உள்ளூர் வரியைப் போட்டுவிடும்.

கொள்முதல் ஒப்பிடுவதை இன்று ஏன் எழுதினீர்கள்? சப்ளையர்கள் காட்டிய பில்களின் பட்டியலான 2பி வருவதே 14-ஆம் தேதி. நாளைக்குத் தள்ளினால் நாளையும் முடியாது, இன்னொரு புள்ளிதான் விழும். 15-ஆம் தேதி பக்கத்தில் எழுதிவிட்டு இங்கே கோடு போடுங்கள். தேதி போடுவது என்றால் என்னைப் பொறுத்தவரை இதுதான். அந்தத் தேதியில் ஏதாவது மாறியிருக்க வேண்டும். தாள் வந்திருக்க வேண்டும், ஆள் ஊர் திரும்பியிருக்க வேண்டும். ஒன்றும் மாறாத தேதிக்கு நகர்த்துவது வெறும் தள்ளிப்போடல்தான்.

ஸ்டேட்மெண்ட் விஷயம். 11 நாளில் எத்தனை முறை கேட்டீர்கள்?

பாதிரிப்புலியூர்ப் பையன்

முதல் நாளே போன் செய்தேன், அனுப்புகிறேன் என்றார். அப்புறம் இரண்டு முறை வாட்ஸப்பில் கேட்டேன்.

மஞ்சக்குப்பம் கணக்கர்

அப்படியென்றால் உங்கள் வேலை முதல் நாளே முடிந்துவிட்டது. 'வாங்க வேண்டும்' என்று எழுதியிருப்பதால்தான் முடியாத வேலையாகத் தெரிகிறது. வாங்குவது உங்கள் கையில் இல்லை, கேட்பதுதான் உங்கள் கையில். நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'வரவேண்டியவை' என்று தலைப்புப் போட்டு, 'டிரான்ஸ்போர்ட், ஸ்டேட்மெண்ட், முதலில் கேட்டது 1-ஆம் தேதி, அடுத்துக் கேட்பது 13 காலை' என்று அங்கே எழுதுங்கள். 13-ஆம் தேதி பக்கத்தில் 'டிரான்ஸ்போர்ட்டுக்கு போன்' என்று மட்டும் இருக்கட்டும். போன் செய்தவுடன் டிக் அடிக்கலாம். அந்த போனுக்கும் வரவில்லை என்றால் அது உங்கள் ஆபீஸ் சாரிடம் சொல்ல வேண்டிய விஷயம்.

அலமாரியை அன்றாடப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். ஒரு நாளில் முடியாத வேலை அது, ரிட்டர்ன் நெருக்கும் இந்த வாரத்தில் தொடவும் முடியாது. 22-க்குப் பிறகு ஒரு நாளில் 'மேல் தட்டு மட்டும், ஆண்டு வாரியாகப் பிரிக்க' என்று எழுதுங்கள். பிரிக்கலாம், எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஜிஎஸ்டி கணக்குகளை அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்ன் கெடுவிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும்.

லாஸ்பேட்டை ப்ரோகிராமர்

சார், இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. எல்லோரும் இப்படித்தான் '22-க்குப் பிறகு' என்று தள்ளுகிறார்கள். எனக்கு ஒவ்வொரு ரிலீஸ் முடிந்த மறுநாளும் பட்டியலில் பதினேழு பதினெட்டு வேலை நிற்கும். அன்றைக்கு எதையும் தொடாமல் அப்படியே அடுத்த வாரத்துக்கு நகர்த்துவேன். தேதி போட்டதால் என்ன பயன்?

மஞ்சக்குப்பம் கணக்கர்

நியாயமான கேள்வி. எனக்கும் 21, 22 தேதிகளில் அப்படிக் குவிந்திருக்கிறது. இப்போது தேதி எழுதும் முன் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறேன். ஏற்கெனவே நான்கு வேலை இருந்தால் அடுத்த நாள். மாதக் கடைசி வரைக்கும் இடமே இல்லை என்றால் அந்த வேலையை இந்த மாதம் செய்யப்போவதில்லை என்று ஒத்துக்கொண்டு அடிக்கிறேன், அல்லது கேட்டவரிடம் போன் செய்து சொல்லிவிடுகிறேன். நான்கு என்பது என் ஆபீசுக்கு, உங்களுக்கு வேறாக இருக்கும். காகிதத்தில் பக்கம் நிரம்புவது கண்ணுக்குத் தெரிகிறது. கணினியில் ஒரு நாளுக்கு எத்தனை வேண்டுமானாலும் ஏற்றலாம்.

முதுநகர் ஹார்டுவேர்

கணக்கர் சொன்ன மார்ச் 31 கதை என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. எழுந்து போய் பீரோவைப் பார்த்தேன். வெள்ளத்தில் போன நோட்டில் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு வாரண்டி கேட்க வேண்டும் என்று ஒரு வரி இருந்தது, இப்போதுதான் ஞாபகம் வருகிறது. வாரண்டி கார்டு காலாவதியாகி நாளாகிவிட்டது. ஆனாலும் நான் பக்கத்தைக் கிழிப்பதை விடப்போவதில்லை. நாற்பது வரி இருந்தபோது தினமும் ராத்திரி அதைப் பார்த்து நெஞ்சு அடைத்துக்கொள்ளும், அந்த நோட்டைத் திறக்கவே பயந்தேன். கெடு தேதி உள்ளதை மட்டும் கிழிப்பதற்கு முன் சுவர் காலண்டரில் எழுதிவிடுகிறேன். அதற்கு மேல் என்னால் முடியாது.

மஞ்சக்குப்பம் கணக்கர்

காலண்டரில் கெடு நாளன்று எழுதாதீர்கள் அண்ணே, வேலையைத் தொட வேண்டிய நாளில் எழுதுங்கள். மார்ச் 31 கட்டத்தில் எழுதியது மார்ச் 31 காலையில்தான் கண்ணில் படும்.

உப்பளம் நர்ஸ்

ஹார்டுவேர் அண்ணன் சொல்லும் அந்த நெஞ்சடைப்பு எனக்குப் புரிகிறது. எழுதி ஒப்படைத்த நாளில் வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்குகிறேன். அவசரத்தில் வாயால் மட்டும் சொல்லிவிட்டு வந்த நாளில்தான் பஸ் ஏறின பிறகு வார்டுக்கு போன் போடுவேன்.

பாதிரிப்புலியூர்ப் பையன்

ஐந்து நாள் கழித்து எழுதுகிறேன். பில்லை 13 காலையிலேயே சேர்த்துவிட்டேன். 15-இல் ஒப்பிட்டபோது 2பி-யில் மூன்று பில் இல்லை, அவை 'வரவேண்டியவை' பக்கத்துக்குப் போய்விட்டன. டிரான்ஸ்போர்ட்காரர் 13-ஆம் தேதி போனுக்கும் அனுப்பவில்லை, சாரிடம் சொன்னேன், சார் பேசினார், ஸ்டேட்மெண்ட் அரை மணியில் வந்தது. நேற்று மாலை மிச்சம் ஐந்து.

ஒன்றுதான் இன்னும் பிடிபடவில்லை. மூன்று புள்ளி விழுந்த வேலை ஒன்று இருக்கிறது. 'டேலி புதுப் பாடம் படிக்க' என்று எழுதியிருக்கிறேன். கெடு இல்லை, யாரும் கேட்கப்போவதும் இல்லை, யாருக்காகவும் காத்திருக்கவும் இல்லை. அடிக்க மனசு வரவில்லை.

முதுநகர் ஹார்டுவேர்

அடியுங்கள் தம்பி.

மஞ்சக்குப்பம் கணக்கர்

அடிக்காதீர்கள். 23-ஆம் தேதி காலை ஒன்பதரைக்கு முதல் பாடம் மட்டும் என்று எழுதுங்கள். அன்றைக்கும் தொடவில்லை என்றால் இங்கே வந்து சொல்லுங்கள்.